மாம்பழ முன்பதிவு வீடியோ: முதல் ஐந்து நொடிக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முறை

சேலம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியப்பா மகனுக்கு இரண்டு சீசனாக முன்பதிவு வீடியோ எழுதித் தருகிறேன். முதல் வருடம் வீடியோ நன்றாகத்தான் ஓடியது, போனும் ஓயாமல் அடித்தது. ஆனால் அழைத்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, நாளைக்கு அனுப்பிடுவீங்களா?" அப்போது மரத்தில் இருந்தது கோழிமுட்டை அளவு காய். ஒவ்வொருவருக்கும் "இல்லைங்க, மே மாசம்தான்" என்று சொல்லியே அண்ணனுக்குத் தொண்டை வறண்டது. பாதிப் பேர் "அப்ப அப்புறம் பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

தப்பு வீடியோவின் முதல் ஐந்து நொடியில் இருந்தது. முன்பதிவு என்றால் கையில் இல்லாத பழத்தை விற்பது. அது தொடக்கத்திலேயே தெரியவில்லை என்றால், பார்ப்பவர் அதைச் சாதாரண விற்பனை விளம்பரம் என்றே எடுத்துக்கொள்வார். அதன் பிறகு எத்தனை நொடி விளக்கினாலும் அந்த முதல் எண்ணம் மாறாது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஐந்து நொடியைப் பற்றியதுதான். நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இமாம்பசந்த். ரகம் வேறானால் விவரங்களை மாற்றிக்கொள்ளலாம், வரிசையை மாற்ற வேண்டாம்.

1. எழுதுவதற்கு முன் தோட்டத்தில் நடந்து வாருங்கள்

பேனாவைத் தொடுவதற்கு முன் மூன்று விவரம் கையில் இருக்க வேண்டும்: எந்த ரகம், எந்த வாரம், எத்தனை பெட்டி. இவை இல்லாமல் எழுத உட்கார்ந்தால் "சுவையான", "தரமான", "இயற்கையான" என்று இட்டு நிரப்பத்தான் தோன்றும். சொல்ல விவரம் இல்லாதபோதுதான் அடைமொழி வரும்.

பெட்டிக் கணக்கு சற்றுக் கடினம். அண்ணன் மரத்துக்கு மரம் நின்று பார்த்து "எண்ணூறு கிலோ தேறும்" என்றார். நாங்கள் முன்பதிவுக்கு வைத்தது மூன்று கிலோ பெட்டி 120, அதாவது 360 கிலோ. பாதிக்கும் குறைவு. காரணம், மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில் கோடைக் காற்று இருக்கிறது, ஆலங்கட்டி மழை இருக்கிறது. மீந்ததிலும் தோலில் புள்ளி விழுந்தது, அடிபட்டது எல்லாம் கழியும். இமாம்பசந்துக்குத் தோல் மெல்லியது, கழிவு இன்னும் கொஞ்சம் கூடும். கையில் வராத பழத்துக்குப் பணம் வாங்கிவிட்டுத் திருப்பித் தருவதைவிட, மீந்த பழத்தை மண்டிக்கு அனுப்புவது எவ்வளவோ மேல்.

எப்போது எழுதலாம் என்றும் கேட்பார்கள். பூ பூத்திருக்கும்போது வேண்டாம். பூவில் மிகச் சிறு பங்குதான் காயாகும், அதிலும் பிஞ்சு நிறைய உதிரும். உதிர்வது அடங்கி, காய் முட்டை அளவைத் தாண்டிய பிறகு எடுத்தால் எண்ணிக்கையும் ஓரளவு நிற்கும், கேமராவில் காட்டவும் ஒரு பொருள் இருக்கும்.

2. ஒரு வீடியோவுக்கு ஒரே ரகம்

அண்ணனிடம் இமாம்பசந்த், மல்கோவா, செந்தூரா மூன்றும் உண்டு. மூன்றையும் ஒரே வீடியோவில் சொல்லிவிட வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தார். செந்தூரா முந்தி வரும், மல்கோவா பிந்தி வரும். ஐந்து நொடிக்குள் மூன்று பெயரும் மூன்று தேதியும் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது.

முன்பதிவுக்கு ஏற்றது எது என்றால், சந்தையில் எளிதில் கிடைக்காதது, சீசன் குறுகியது. பங்கனப்பள்ளி தெருமுனை வண்டியிலேயே கிடைக்கும்போது யார் ஒன்றரை மாதம் முன்பே பணம் கட்டுவார்கள்? இமாம்பசந்த் சில வாரங்களில் முடிந்துவிடும், எல்லாக் கடையிலும் வராது. முன்கூட்டியே சொல்லிவைக்க அதில் காரணம் இருக்கிறது. மற்ற ரகங்கள் இருப்பதை வீடியோவின் கடைசியில் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம்.

3. முதல் படம்: இன்று மரத்தில் இருக்கும் காய்

புதிதாக எடுப்பவர்கள் எல்லாரும் விழும் பள்ளம் இது. போன வருடம் எடுத்த, மஞ்சளாக மின்னும் பழத்தை நறுக்கும் காட்சி போனில் இருக்கும். பார்க்கவே நாக்கில் எச்சில் ஊறும். அதைத் தூக்கி முதலில் வைத்துவிடுவார்கள். காதில் "முன்பதிவு" என்று விழுந்தாலும் கண்ணில் பழம் விழுகிறது, பார்ப்பவர் கண்ணைத்தான் நம்புவார். "நாளைக்கு அனுப்புவீங்களா" என்ற கேள்வி பிறக்கும் இடம் இதுதான்.

ஆகவே முதல் படம் இன்றைய காய். மரத்தில் தொங்குகிற காயைக் கை ஒன்று கீழிருந்து தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். கை இருந்தால்தான் காயின் அளவு தெரியும். வெறும் காயை நெருக்கத்தில் எடுத்தால் அது முட்டை அளவா, அரைக் கிலோவா என்று யாருக்கும் புரியாது.

காயைப் பறித்துக் காட்ட வேண்டாம். விளையாத காயைப் பறிப்பதைப் பார்த்தாலே விவரம் தெரிந்தவர்களுக்கு மனம் சுருங்கும். "பிஞ்சுல பறிச்சுப் பழுக்க வைக்கிற ஆள் போல" என்று ஒருவர் எழுதினால் போதும், கருத்துப் பகுதி முழுக்க அதுவே ஓடும். இன்னொன்று, காம்பை ஒட்டிப் பறித்தால் பால் வடிந்து தோலில் படும், பட்ட இடம் பிறகு கறுத்துப்போகும். அதனால்தான் கொஞ்சம் காம்பு விட்டுப் பறிக்கிறோம். வீடியோவுக்காக வெறும் கையால் முறுக்கிப் பறித்தால், தொழில் தெரியாதவர் என்று நீங்களே சொல்லிக்கொண்டது போலாகும்.

பழத்தைக் காட்டவே கூடாதா? காட்டலாம், ஆறாவது நொடிக்கு மேல். அங்கே "போன வருஷம்" என்று எழுத்தில் போட்டுவிட வேண்டும். இமாம்பசந்துக்கு இது எப்படியும் தேவை. பழுத்த பிறகும் அதன் தோல் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். முதல் முறை வாங்குபவர் பெட்டியைத் திறந்துவிட்டு "காயா அனுப்பிட்டீங்களே" என்று சண்டைக்கு வருவார். பச்சைத் தோலை நறுக்கியதும் உள்ளே வெளிர்மஞ்சள் சதை தெரிகிற காட்சி அந்தச் சண்டையை முன்கூட்டியே தீர்க்கும். ஆனால் அதன் இடம் பின்னால்.

4. முதல் வாக்கியம்: பெயர் முன்னால் வரட்டும்

தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். பெயருக்கு முன்னால் எத்தனை அடைமொழி வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். காகிதத்தில் இது அழகு. வீடியோவில் ஆளைக் கவிழ்த்துவிடும், ஏனென்றால் செய்தி வந்து சேர்வதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்.

அண்ணன் தானே எழுதிக் கொடுத்த முதல் வரைவு இது:

"வணக்கம் நண்பர்களே! நாங்க மூணு தலைமுறையா சேலத்துல மாம்பழ விவசாயம் பண்ணிட்டு வர்றோம். இந்த வருஷமும் உங்க எல்லாருடைய ஆதரவோட, இயற்கை முறையில விளைஞ்ச, கல் வைக்காத, சுவையான இமாம்பசந்த் மாம்பழத்துக்கு முன்பதிவு ஆரம்பிச்சிருக்கோம்."

எண்ணிப் பாருங்கள். "இமாம்பசந்த்" 22-ஆவது வார்த்தை, "முன்பதிவு" 24-ஆவது. நிதானமாகப் பேசினால் நொடிக்கு இரண்டு வார்த்தை வரும். அப்படியானால் என்ன பழம் என்று தெரியவே பதினோரு நொடி ஆகிறது.

சரி செய்ய ஒரே வழி, வாக்கியத்தை உடைப்பது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. பெயர் முதலில் வரட்டும், அடைமொழி வேண்டாம். "இது இமாம்பசந்த்." இரண்டே வார்த்தை, ஒரு நொடி.

"கல் வைக்காத" என்பதை ஏன் தூக்கினீர்கள் என்று அண்ணன் கேட்டார். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது. அதாவது வைக்காமல் இருப்பது எல்லாரும் செய்ய வேண்டிய கடமை. தவிர, எல்லா விற்பனையாளரும் அதையே முதல் வரியில் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தேய்ந்துவிட்டது. எப்படிப் பழுக்க வைக்கிறோம் என்று பின்னால் வைக்கோல் விரித்த அறையைக் காட்டுங்கள், அதுவே போதும். "மூணு தலைமுறை" என்பதற்கும் இதே பதில். உண்மைதான், ஆனால் இன்னும் பழத்தின் பெயரே தெரியாதவருக்கு நம் தாத்தாவைப் பற்றி என்ன அக்கறை?

5. மாங்காயா, மாம்பழமா: முரணைச் சொல்லிவிடுங்கள்

இப்போது ஒரு சிக்கல் வரும். திரையில் தெரிவது பச்சைக் காய். வாய் சொல்வது "மாம்பழம்". பார்ப்பவர் மனதில் ஒரு நெருடல் விழும். அதைத் தவிர்க்க "மாங்காய் முன்பதிவு" என்று சொன்னால் ஊறுகாய்க்குக் கேட்டு ஆள் வருவார்கள். நிஜமாகவே வந்தார்கள், ஒரு அம்மா இருபது கிலோ ஆவக்காய்க்கு விலை கேட்டார்.

இந்த நெருடலை மறைக்கப் பார்க்காமல் அதையே இரண்டாவது வாக்கியமாக வைத்துவிடுங்கள்: "இன்னும் காய்தான்." கண்ணில் படுவதை வாயும் சொல்கிறது. விற்க வந்தவர் "இன்னும் தயாராகவில்லை" என்று தொடங்குவது கொஞ்சம் வித்தியாசமாக இருப்பதால், அடுத்து என்ன சொல்கிறார் என்று நின்று கேட்பார்கள். முன்பதிவு என்றால் என்ன என்ற விளக்கமும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

6. தேதி: பழசாகாத சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

மூன்றாவது வாக்கியம் எப்போது என்பது. எங்கள் மூன்றாவது வரைவில் "பழமாக இன்னும் ஆறு வாரம் ஆகும்" என்று எழுதியிருந்தேன். கேட்க நன்றாக இருந்தது. படம் பிடிக்கப் போகும் வழியில்தான் உறைத்தது: இந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று வாரம் கழித்தும் சுற்றும். அப்போது பார்ப்பவர் அன்றிலிருந்து ஆறு வாரம் எண்ணுவார். "மே ரெண்டாவது வாரம்" என்று மாற்றினேன்.

அதே காரணத்தால் "இன்னும் 40 பெட்டிதான் இருக்கு" என்று பேச்சில் சொல்ல வேண்டாம். அடுத்த நாளே அது பொய்யாகிவிடும். "மொத்தம் 120 பெட்டி" என்பது சீசன் முடியும்வரை உண்மை. மீதி எத்தனை என்பதை வீடியோவுக்குக் கீழே எழுதும் குறிப்பில் போட்டால் தினமும் திருத்திக்கொள்ளலாம்.

தேதியைத் துல்லியமாகச் சொல்லிவிடவும் கூடாது. "மே 10 அனுப்புவோம்" என்றால் மே 11 காலையில் போன் வரும். வெயிலைப் பொறுத்து விளைச்சல் சில நாள் முன்பின் ஆகும், வாரம் என்று சொல்வதில் அந்த இடம் இருக்கிறது. ஊர்ப் பக்கத்து வாடிக்கையாளர் மட்டும் என்றால் "சித்திரை கடைசி" என்றும் சொல்லலாம். பெங்களூருக்கும் சென்னைக்கும் பெட்டி போகிறது என்றால் ஆங்கில மாதமே நல்லது.

7. நொடிக் கணக்குப் போட்டு வாசித்துப் பாருங்கள்

எங்கள் கடைசி வரைவு இதுதான்:

0–1 நொடி. படம்: உள்ளங்கையில் தாங்கிய காய், மரத்திலேயே. பேச்சு: "இது இமாம்பசந்த்."

1–2 நொடி. அதே படம், விரல் காயைச் சற்றுத் திருப்புகிறது. பேச்சு: "இன்னும் காய்தான்."

2–4 நொடி. கேமரா பின்னால் நகர, காய்த்த மரம் தெரிகிறது. பேச்சு: "மே ரெண்டாவது வாரம் பழமாகும்."

4–7 நொடி. அண்ணன் மரத்தடியில், கையில் காலிப் பெட்டி. பேச்சு: "மொத்தம் 120 பெட்டி, புக் பண்ணினவங்களுக்கு மட்டும்."

காகிதத்தைப் பார்த்து மனதுக்குள் வாசித்தால் எல்லாம் நான்கு நொடிதான் வரும். வாய்விட்டு, நின்றுகொண்டு, போன் கடிகாரத்தை ஓட்டி வாசியுங்கள். "120"-ஐக் கவனித்தீர்களா? எழுத்தில் மூன்று இலக்கம், பேச்சில் "நூத்தி இருபது". எண் வரும் இடங்களில் எப்போதும் நேரம் கூடுதலாகப் போகும். அண்ணன் வாயில் கடைசி வாக்கியம் மூன்றரை நொடி எடுத்தது. விட்டுவிட்டேன், அவசரப்படுத்தினால் செய்தி வாசிப்பது போல ஆகிவிடுகிறது.

பேச்சை வட்டார வழக்கிலேயே எழுதுங்கள். "முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்தால் அவர் அதை ஒப்பிப்பார், கண் வானத்தைப் பார்க்கும். எழுதிக் கொடுத்ததை அவரையே ஒருமுறை தன் வார்த்தையில் சொல்லச் சொல்லி, அதையே திரும்ப எழுதிக்கொள்வது என் வழக்கம். "முன்பதிவு" போய் "புக்" வந்தது அப்படித்தான்.

8. திரை எழுத்து: பேச்சின் நகல் வேண்டாம்

பேருந்திலோ அலுவலகத்திலோ சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு முதல் நொடியிலிருந்தே எழுத்து தேவை. ஆனால் பேசுவதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை ஏற்றினால் காயை யாரும் பார்க்க மாட்டார்கள், படித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டே வரி போதும்:

இமாம்பசந்த் முன்பதிவு
மே 2-வது வாரம்

பேச்சில் "புக்", எழுத்தில் "முன்பதிவு" என்று இருப்பது தற்செயல் அல்ல. பேச்சில் அந்த வார்த்தை நான்காவது நொடிக்கு மேல்தான் வருகிறது. எழுத்து அதை முதல் நொடியிலேயே சொல்லிவிடுகிறது. இந்த இரண்டு வரியும் ஏழு நொடியும் அசையாமல் நிற்கட்டும். குதித்து வரும் எழுத்தும் மின்னும் எழுத்தும் மளிகைக் கடைத் தள்ளுபடியை நினைவூட்டும்.

எழுத்தின் இடமும் முக்கியம். நிமிர்ந்த வீடியோவில் கீழ்ப்பகுதியைக் கணக்கின் பெயரும் குறிப்பும் மறைக்கும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும். நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். இலை நிறைந்த பின்னணியில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும், பின்னால் ஒரு கறுப்புப் பட்டை போடுங்கள்.

விலை முதல் ஐந்து நொடியில் வேண்டாம் என்பது என் கருத்து. எதற்கு விலை என்று தெரிவதற்கு முன் எண்ணைப் பார்த்தால் அதிகமாகத்தான் தோன்றும். ஆனால் பத்தாவது நொடிக்குள் பெட்டி விலையும் கூரியர் செலவும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். "விலைக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க" என்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள், மீதிப் பாதிக்குத் தட்டச்சு செய்தே உங்கள் விரல் தேயும்.

9. படம்பிடிக்கும்போது ஸ்கிரிப்டைக் கெடுப்பவை

காற்று முதல் எதிரி. தோட்டத்தில் இலை சலசலப்பது காதுக்கு இனிமை, போன் மைக்குக்கு இரைச்சல். "இது" என்ற முதல் சொல் அதில் மூழ்கிவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். சரிவராவிட்டால் குரலைத் தனியாக, காரின் உள்ளே கதவைச் சாத்திவிட்டுப் பதிந்து பின்னர் ஒட்டுங்கள். முதல் நான்கு நொடியில் முகம் தெரியாததால் உதட்டசைவுப் பிரச்சினையும் இல்லை. கையும் காயும் காட்டுவதில் இப்படி ஒரு வசதி.

இரண்டாவது, வெட்டும்போது நடப்பது. பேச்சு தொடங்கும் இடத்தில் ஒட்டி வெட்டினால் முதல் எழுத்து விழுங்கப்பட்டு "து இமாம்பசந்த்" என்று கேட்கும். கால் நொடி முன்னால் விட்டு வெட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் வெறும் மரம் நிற்கும், ஆள் போய்விடுவார்.

நண்பகல் வெயிலில் எடுத்தால் இலை நிழல் காயின் மேல் புள்ளி புள்ளியாக விழும், பார்ப்பவருக்கு அது நோய் விழுந்த காய் போலத் தோன்றும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

10. போடுவதற்கு முன் இரண்டு பேரிடம் காட்டுங்கள்

தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஐந்து நொடி மட்டும் காட்டி, போனை வாங்கிக்கொள்ளுங்கள். "என்ன விற்கிறாங்க, எப்ப வரும்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் சரி. "நல்லா இருக்கு" என்ற பாராட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடுத்தவரிடம் சத்தத்தை அணைத்துவிட்டு அதே கேள்வி. என் சித்தி முதல் சோதனையில் "மாமரம் வாடகைக்கு விடுறாங்களா?" என்று கேட்டார். அந்த வரைவில் திரை எழுத்தே கிடையாது.

போட்ட பிறகு கருத்துகளைப் படியுங்கள். "இப்ப கிடைக்குமா" என்ற கேள்வி அதிகம் வந்தால் கோளாறு முதல் படத்திலோ இரண்டாவது வாக்கியத்திலோ இருக்கிறது. "என்ன ரகம்" என்று கேட்டால் திரை எழுத்து மறைந்திருக்கிறது. "எவ்வளவு" என்று மட்டுமே கேட்கிறார்கள் என்றால் தொடக்கம் வேலை செய்துவிட்டது, விலை சொல்லும் இடத்தைப் பாருங்கள். யூடியூப் ஷார்ட்ஸில் போட்டிருந்தால் எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்று ஸ்டுடியோவிலேயே காட்டும்.

நடுவில் ஆலங்கட்டி மழை வந்து வாரம் தள்ளிப்போனால் முழு வீடியோவையும் திரும்ப எடுக்க வேண்டாம். 2–4 நொடித் துண்டில் பேச்சை மாற்றி, திரை எழுத்தின் இரண்டாவது வரியைத் திருத்தி, புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை நீக்குங்கள். குரலைத் தனியாகப் பதிந்திருந்தால் இது பத்து நிமிட வேலை. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு மட்டும் வீடியோ அனுப்பாமல், அண்ணனே போன் போட்டுச் சொல்லட்டும்.